தம்பியின் கடைசி பெட் ஸ்கேனில் டோவில் 4: கட்டி சுருங்கியிருக்கிறது, எண் மட்டும் ஏறியிருக்கிறது

கயல்விழி · திங்கள், காலை 7.40

என் தம்பிக்கு வயது 25. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், இரண்டாம் நிலை. நெஞ்செலும்புக்குப் பின்னால் பெரிய கட்டியாக இருந்தது. ஏ.பி.வி.டி. மருந்து இரண்டு சுற்று கொடுத்தபின் எடுத்த ஸ்கேனில் "டோவில் 3" என்று வந்தது. நல்ல செய்தி என்றார்கள். அதில் உள்ள நான்கு மருந்துகளில் ப்ளியோமைசினை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மூன்று மருந்துகளை இன்னும் நான்கு சுற்று கொடுத்தார்கள். கடைசி ஊசி போட்டு ஏழு வாரம் கழித்துப் போன வாரம் மறுபடி பெட் எடுத்தோம். அறிக்கையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். எஸ்.யூ.வி. என்பது ஸ்கேனுக்கு முன் ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரையை அந்த இடம் எவ்வளவு இழுக்கிறது என்ற அளவாம்.

முதல் ஸ்கேன்: கட்டி 9.2 x 6.5 செ.மீ., எஸ்.யூ.வி. 12.8.
இரண்டு சுற்றுக்குப் பின்: 4.1 x 2.8 செ.மீ., எஸ்.யூ.வி. 2.4, கல்லீரல் 2.8. டோவில் 3.
இப்போது: 3.4 x 2.1 செ.மீ., எஸ்.யூ.வி. 3.5, கல்லீரல் 2.4, நெஞ்சு ரத்தக்குழாய் 1.6. டோவில் 4.

கட்டி இன்னும் சுருங்கியிருக்கிறது. அப்புறம் ஏன் எண் ஏறியது? டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. தம்பி அறிக்கையைத் தானே திறந்து படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருக்கிறான்.

ராமசாமி · திங்கள், காலை 8.15

மனசைத் தளர விடாதீர்கள் அம்மா. நான்காம் நிலை என்றாலும் இந்த நோயில் குணமானவர்கள் நிறையப் பேர். என் மைத்துனர் நான்காம் நிலையில் இருந்தவர், இன்றைக்கு ஒன்பது வருடமாக நன்றாக இருக்கிறார். இரண்டிலிருந்து நான்குக்கு எப்படித் திடீரென்று போனது என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

கயல்விழி · திங்கள், காலை 8.22

ஐயா, நிலை வேறு, இந்த எண் வேறு என்று நினைக்கிறேன். நிலை இரண்டுதான், அது மாறவில்லை. ஆனால் இந்த 4 என்பது என்ன கணக்கு என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திவாகர் · திங்கள், காலை 9.05

நானும் இதே மருந்து எடுத்து முடித்தவன், மூன்று வருடம் ஆகிறது. 1, 2, 3 வந்தால் மருந்து முழுதாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். 4, 5 வந்தால் நோய் மிச்சம் இருக்கிறது. இது எல்லா இடத்திலும் ஒன்றுதான். கூடவே எஸ்.யூ.வி. 2.5-க்கு மேலே போனால் அது புற்றுநோய், கீழே இருந்தால் இல்லை என்று ஒரு கோடு உண்டு. உங்கள் தம்பிக்கு முன்பு 2.4, இப்போது 3.5. கோட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த கட்டமாக வீரியமான மருந்தும் ஸ்டெம் செல் மாற்றும்தான் பேசுவார்கள். மறைத்துச் சொல்வதில் பயனில்லை என்பதால் சொல்கிறேன்.

நிர்மலா · திங்கள், மதியம் 1.30

பெட் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் தினசரி வேலை. தம்பியின் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் இது 3, இது 4 என்று இங்கிருந்து நான் சொல்லக்கூடாது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், வியாழக்கிழமை என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

திவாகர் சொன்னதில் முதல் பாதி சரி. சிகிச்சை முடிவில் 1, 2, 3 மூன்றையும் முழுப் பலன் என்றே எடுத்துக்கொள்கிறோம். 2.5 என்ற கோடுதான் தவறு. இந்த ஐந்து புள்ளி அளவில் அப்படி ஒரு நிலையான எண்ணே கிடையாது. 2009-ல் பிரான்சில் டோவில் என்ற கடற்கரை ஊரில் கூடியவர்கள் வேண்டுமென்றேதான் அதை விட்டார்கள். ஒருவருடைய எடை, ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் படத்துக்கும் இடையே போன நேரம், இயந்திரம் என எதைத் தொட்டாலும் எஸ்.யூ.வி. நகரும். அதனால் அளவுகோலை நோயாளியின் உடம்புக்குள்ளேயே வைத்தார்கள். ஒன்று, நெஞ்சின் பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தம். மற்றொன்று கல்லீரல். சந்தேகப்படும் இடத்தில் சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக எதுவும் தெரியவில்லை என்றால் 1. தெரிகிறது, ஆனால் ரத்தக்குழாயின் அளவைத் தாண்டவில்லை என்றால் 2. ரத்தக்குழாயைத் தாண்டியும் கல்லீரலைத் தாண்டவில்லை என்றால் 3. கல்லீரலை ஓரளவு தாண்டினால் 4. வெகுவாகத் தாண்டினாலோ, நோய் புதிதாக ஓர் இடத்தில் முளைத்திருந்தாலோ 5.

ஆக, 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும் சுவர் தம்பியின் சொந்தக் கல்லீரல். சுவரின் உயரத்தை யார் எப்படி அளந்தார்கள் என்பதில்தான் எனக்குக் கேள்வி. அறிக்கையில் கல்லீரல் 2.4 என்று இருக்கிறது. அது சராசரியா, உச்சமா? கட்டிக்குச் சொல்லியிருக்கும் 3.5 கட்டாயம் உச்சம்தான். கட்டியின் உச்சத்தைக் கல்லீரலின் சராசரியோடு ஒப்பிட்டால் சுவர் தாழ்ந்துபோகும். கல்லீரலின் வலப்பக்கத்தில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் வரும் உச்சத்தோடு ஒப்பிடச் சொல்லித்தான் 2014-ல் வந்த லுகானோ வழிகாட்டுதலில் யோசனை இருக்கிறது. சராசரி 2.4 என்றால் உச்சம் 3-ஐ ஒட்டி வர வாய்ப்பு அதிகம்.

இன்னும் மூன்று சொல்லுங்கள். இரண்டு ஸ்கேனும் ஒரே இயந்திரத்தில் எடுத்தவையா? ஊசிக்கும் படத்துக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று இரண்டு அறிக்கையிலும் இருக்கிறதா? அந்த 3.5 சரியாக எந்த இடத்தில் இருக்கிறது, பழைய கட்டிக்குள்ளா, அதன் முன்னாலா?

கயல்விழி · திங்கள், மதியம் 2.50

மிக்க நன்றி டாக்டர். நிமிடக் கணக்கு முன்பு 62, இப்போது 66. சர்க்கரை இரண்டு முறையும் 100-க்குக் கீழே. இயந்திரம் வேறு. முதல் இரண்டு ஸ்கேன் எடுத்த இடத்தில் இயந்திரம் பழுதாகி நின்றிருந்ததால் இந்த முறை வேறு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே புது இயந்திரம், படம் ரொம்பத் துல்லியமாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். இடத்தைப் பற்றி "முன் நடுமார்பில் எஞ்சிய மென்திசுவில்" என்று மட்டும் இருக்கிறது. கல்லீரல் 2.4 சராசரியா உச்சமா என்று அறிக்கையில் ஒன்றும் இல்லை.

சகாயம் · திங்கள், மாலை 6.10

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பெரிய பி-செல் லிம்ஃபோமா, கழுத்திலும் வயிற்றிலும். ஆறு சுற்று முடிந்து மூன்றே வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து, வயிறு இரண்டும் சுத்தம். ஆனால் நுரையீரலில் இரண்டு புதுத் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. "புதிய இடம், டோவில் 5, நோய் முற்றுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு லேசாக இருமல் இருந்ததை நெஞ்சக நோய் டாக்டர்தான் கேட்டுப் பிடித்தார். ஆண்டிபயாட்டிக் கொடுத்து ஐந்து வாரம் கழித்து சி.டி. ஸ்கேன் எடுத்ததில் திட்டுகள் காணாமல் போயின. வெறும் தொற்று. அதனால் உங்கள் தம்பிக்கும் கண்டிப்பாக ஒன்றும் இருக்காது. எண்ணை நம்பாதீர்கள், பயாப்சி கேளுங்கள்.

நிர்மலா · திங்கள், இரவு 9.00

சகாயம், உங்கள் அம்மாவின் படத்துக்கு 5 போட்டிருக்கவே கூடாது. நோய் முன்பு இல்லாத இடத்தில், லிம்ஃபோமாவாகத் தோன்றாத ஏதாவது ஒளிர்ந்தால் அதற்கென்றே எக்ஸ் என்ற குறியீடு வைத்திருக்கிறார்கள். பழைய இடங்களுக்கு 1 அல்லது 2, நுரையீரலுக்கு எக்ஸ், மருத்துவ ரீதியாகப் பார்க்கவும் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அந்த இரவு வந்திருக்காது. மூன்று வாரமும் அவசரம்தான். கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் விடுவது வழக்கம்.

ஆனால் அந்தக் கதையைக் கயல்விழியின் தம்பிக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அவருக்கு ஒளிர்வது நோய் இருந்த அதே இடம். எக்ஸ் போட்டுத் தள்ளிவைக்க முடியாது, பதில் தேடியே ஆக வேண்டும்.

கயல்விழி, இயந்திரம் மாறியது பெரிய விஷயம். பழைய இயந்திரங்களில் சின்னப் புள்ளியின் ஒளி பக்கத்தில் சிதறி, அதன் உச்சம் குறைவாகத் தெரியும். புது இயந்திரத்தில் படத்தைக் கட்டமைக்கும் கணக்கு அந்தச் சிதறலைத் திருப்பிச் சேர்த்துவிடும். அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ள சின்ன இடத்தின் உச்சம் உயரும். கல்லீரல் பெரியது, எங்கும் ஒரே சீராக இருப்பது. சிதறிப் போவதும் வருவதும் அங்கே சமமாகிவிடும், அதன் சராசரி அசையாது. விளைவு, நோயில் எந்த மாற்றமும் இல்லாமலே கட்டி ஏறும், சுவர் அப்படியே நிற்கும், 3 என்பது 4 ஆகும். எங்கள் துறையில் புது இயந்திரம் வாங்கிய முதல் சில மாதங்களில் இதை நானே பார்த்துத் திகைத்திருக்கிறேன். முந்தைய படத்தில் 3 வாங்கியவர்கள் வரிசையாக 4 ஆனார்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு லிம்ஃபோமா நோயாளிக்கும் இரண்டு வகையாகப் படம் கட்டமைக்கத் தொடங்கினோம். கண்ணால் தேட ஒன்று, அளக்க மற்றொன்று.

உங்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஸ்கேன் எடுத்த மையத்தில் மூலத்தரவு கொஞ்ச நாள்தான் சேமித்து வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். நாளைக்கே போன் செய்யுங்கள். "பழைய படங்களோடு ஒப்பிடும்படி, சிதறல் திருத்தம் இல்லாமல் மறுபடி கட்டமைத்துத் தர முடியுமா, கல்லீரலின் உச்சத்தையும் சேர்த்து எழுத முடியுமா" என்று கேளுங்கள். தம்பி மறுபடி ஊசி போட்டுப் படுக்க வேண்டியதில்லை. கணினியில் நடக்கும் வேலை. பழைய இரண்டு படங்களின் சி.டி. வட்டையும் கொடுத்துவிடுங்கள். அவை இல்லாமல்தான் இந்த அறிக்கையை எழுதியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

திவாகர் · திங்கள், இரவு 9.40

2.5 பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குச் சிகிச்சை நடந்தபோது யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது டாக்டர். எனக்கு நடுவில் எடுத்த ஸ்கேனில் 3 வந்தபோது, "சில ஆய்வுகளில் 3-ஐயும் பாசிட்டிவ் என்றே வைப்பார்கள்" என்று என் டாக்டர் சொன்னார். அப்படியானால் சுவர் எல்லோருக்கும் ஒன்று இல்லையே?

நிர்மலா · திங்கள், இரவு 10.20

சரியான கேள்வி. இரண்டு அளவுகோல் வைத்ததற்குக் காரணமே அதுதான். மருந்தைக் குறைத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், நோய் மிஞ்சியிருக்கும் ஒருவரையும் தவறவிடக்கூடாது. அங்கே சுவரை ரத்தக்குழாய் உயரத்துக்கு இறக்கி, 3 வந்தாலே மருந்தைக் குறைக்காமல் விடுவார்கள். மருந்தைக் கூட்டும் முடிவு என்றால், தேவையில்லாத ஒருவருக்குக் கடும் மருந்து போய்விடக்கூடாது. அங்கே சுவர் கல்லீரல். தம்பிக்கு ப்ளியோமைசினை நிறுத்தியது ராத்தல் என்ற ஆய்வின் வழி, 2016-ல் வெளிவந்தது. அதில் இரண்டு சுற்றுக்குப் பின் 1 முதல் 3 வரை வந்தவர்களுக்கு ப்ளியோமைசின் இல்லாமல் தொடர்ந்தும் பலன் பெரிதாகக் குறையவில்லை, நுரையீரல் பாதிப்பு குறைந்தது. எண்ணைக் கொடுப்பது நாங்கள். அதை வைத்து எங்கே வெட்டுவது என்பது என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

அன்வர் · செவ்வாய், காலை 6.30

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன் நான். நிர்மலா டாக்டர் சொன்னதை ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்காரக்கூடாது. 9 சென்டிமீட்டர் கட்டியோடு தொடங்கியவர், நடுவில் 3 வாங்கியவர், முடிவில் ஒளிர்கிறார் என்றால் எனக்குக் கவலைதான். ஹாட்ஜ்கினில் கட்டி சுருங்கியதை வைத்தும் நான் ஆறுதல் அடைய மாட்டேன். அந்தக் கட்டியில் உண்மையான நோய் செல்கள் மிகச் சொற்பம், மீதியெல்லாம் அவை கூட்டிச் சேர்த்த அழற்சி செல்களும் தழும்பும். தழும்பு சுருங்கிக்கொண்டே இருக்க, ஒரு மூலையில் நோய் திரும்பி எழுவது நடக்கக்கூடியது.

திவாகர் சொன்ன ஸ்டெம் செல் மாற்று உடனே வரப்போவதில்லை. திசுவில் நோய் இருப்பது உறுதியாகாமல் அந்தப் பாதையில் யாரையும் அனுப்பத் தயங்குவோம். ஆனால் இந்த இடத்தில் பயாப்சியும் லேசான காரியம் அல்ல. நெஞ்செலும்புக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாய்களுக்கு முன்னால் ஊசி போக வேண்டும். தழும்பில் குத்திவிட்டால் "நோய் இல்லை" என்று வரும், அதை நம்பவும் முடியாது. அதனால் பார்த்துக்கொண்டு காத்திருப்பதா, குத்துவதா என்று இப்போதே அறுவை மருத்துவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். இரண்டு மாதம் கழித்து அல்ல.

நிர்மலா · செவ்வாய், காலை 8.10

அன்வர் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. இதே இடத்தில் இன்னொன்றும் ஒளிரும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 25 வயதில் தைமஸ் சுரப்பி இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. கீமோ நடக்கும்போது அது சுருங்கும், முடிந்த பிறகு மீண்டும் தலையெடுத்துச் சர்க்கரையை இழுக்கும். பல மாதங்கள் அப்படி இருக்கலாம். படத்தில் அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. நெஞ்செலும்புக்கு நேர் பின்னால், தலைகீழான "வி" போல இரண்டு கிளை, ஓரங்கள் உப்பாமல், ஒளி சீராகப் பரவி. நோய் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் குவிந்து உருண்டையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் தம்பிக்கு நோய் வந்ததே அந்தச் சுரப்பி இருக்கும் இடத்தில். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கலாம்.

கயல்விழி · சனி, இரவு 8.45

இவ்வளவு நாள் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாயன்றே மையத்துக்குப் போன் செய்தேன். மூலத்தரவு இருந்தது. அங்கிருந்த தொழில்நுட்பர் நல்ல மனிதர், வியாழனுக்கு முன்பே மறுபடி கட்டமைத்துக் கொடுத்தார். புதிய அளவில் நெஞ்சுத் திசு 2.9, கல்லீரலின் உச்சம் 2.8. முதல் அறிக்கையில் இருந்த 2.4 சராசரிதான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை டாக்டர் திரையில் மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் நெஞ்சு முழுக்கக் கரிய பெரிய உருண்டை. இரண்டாவதில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒன்று. இப்போதைய படத்தில் கிளை பிரிந்த மாதிரி ஒரு வடிவம், இடப்பக்கக் கிளை மட்டும் கொஞ்சம் தடித்து. உச்சம் வருவது அந்தத் தடித்த இடத்தில். மிஞ்சியிருக்கும் பழைய கட்டி அதற்குப் பின்னால் இருக்கிறது, அதில் 1.9 மட்டுமே. தைமஸாக இருக்கலாம் என்று ஒரு படமருத்துவர் 3 கொடுத்தார். இடப்பக்கத் தடிப்பை விட முடியாது என்று இன்னொருவர் 4-ஐ மாற்றவில்லை. இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள்.

டாக்டர்கள் கூடிப் பேசிய கூட்டத்தில் அறுவை மருத்துவர் இப்போதே திசு எடுக்கலாம் என்றாராம். எங்கள் டாக்டர், தம்பிக்குக் காய்ச்சல் இல்லை, இரவு வியர்வை இல்லை, எடை ஏறியிருக்கிறது, அதனால் எட்டு வாரம் கழித்து மறுபடி பெட் என்று முடிவு செய்திருக்கிறார். அதில் ஏறினாலோ, வடிவம் உருண்டாலோ உடனே பயாப்சி. நடுவில் ஏதாவது அறிகுறி வந்தால் காத்திருக்கவே வேண்டாம் என்றார்.

அன்வர் · சனி, இரவு 9.30

நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் ஆறு வாரம் என்று கேட்டிருப்பேன். ஆனாலும் எட்டு வாரம் தவறு என்று சொல்ல மாட்டேன். 2.9-க்கும் 2.8-க்கும் உள்ள வித்தியாசம், அதே ஆளை அடுத்த நாள் எடுத்தாலே மாறக்கூடியது. இடப்பக்கத் தடிப்புதான் என் கண்ணில் நிற்கிறது.

ராமசாமி · ஞாயிறு, காலை 7.00

கயல்விழி அம்மா, நிலையையும் எண்ணையும் நான் போட்டுக் குழப்பியதற்கு மன்னிக்க வேண்டும். தம்பி எப்படி இருக்கிறான்?

கயல்விழி · ஞாயிறு, காலை 7.35

பரவாயில்லை ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே அந்த வித்தியாசம் உறைத்தது. தம்பி எழுந்து நடமாடுகிறான். திரையில் அந்தக் கிளை வடிவத்தைப் பார்த்ததிலிருந்து கொஞ்சம் பேசுகிறான். இருவர் இரண்டு எண் சொன்னது அவனுக்குப் பயமாக இல்லையாம், "அவங்களுக்கே இன்னும் தெரியலைன்னு உண்மையைச் சொன்னாங்களே" என்றான்.

நிர்மலா டாக்டர், ஒரே ஒரு கேள்வி. பழைய மையத்தில் இயந்திரம் சரியாகிவிட்டதாம். அடுத்த ஸ்கேனை எங்கே எடுப்பது?

நிர்மலா · ஞாயிறு, காலை 11.15

இப்போது எடுத்த அதே புது மையத்தில் எடுங்கள். அடுத்த படத்தை ஒப்பிடப் போவது இந்தப் படத்தோடுதான். பதிவு செய்யும்போதே இரண்டு வகையாகவும் கட்டமைக்கச் சொல்லுங்கள், ஊசிக்கும் படத்துக்கும் நடுவே அதே 66 நிமிடத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், கல்லீரலின் உச்சம், சராசரி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அன்று காலை ஊசிக்கு முன்னும் பின்னும் தம்பியை நன்றாகப் போர்த்திக் கதகதப்பாக வைத்திருங்கள். குளிர்ந்தால் கழுத்தோரக் கொழுப்பும் ஒளிரும், அதைப் பார்த்து இன்னொரு குழப்பம் வேண்டாம். படம் வந்ததும் அந்த இடப்பக்கக் கிளை எப்படி இருக்கிறது என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.